பசுமை மாறாத பாலக் பன்னீர்
கீரை கறுப்பதும் கசப்பதும் ஏன்?

மீஞ்சூர் பக்கத்தில் கால் ஏக்கரில் பாலக்கீரை போட்டிருக்கும் ஒரு அம்மாள், எண்ணூர் சாலையில் உள்ள ஒரு சாப்பாட்டு விடுதிக்கு தினமும் 12 கிலோ கீரை கொடுத்து வந்தார். தொழிற்சாலைகளிலும் துறைமுக வேலைகளிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் அங்கே மாதக் கணக்கில் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்காக வாரத்தில் மூன்று நாள் பாலக் பன்னீர் செய்வார்கள். ஒரு நாள் விடுதிச் சமையல் மாஸ்டர், "கீரை கசக்குதும்மா, சட்டியில போட்டா கறுத்துப் போகுது, சாப்பிடறவங்க தட்டுல ஒதுக்கறாங்க. இனிமே வேணாம்" என்று சொல்லிவிட்டார். கீரை 2 நாள் தங்காத சரக்கு. மறுநாள் அறுத்த 12 கிலோவையும் காலாடிப்பேட்டை சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார் அந்த அம்மாள்.

குற்றம் கீரையிலா, சமையலிலா என்று பார்த்துச் சொல்லும்படி அவர் என்னைக் கேட்டார். அவருடைய தோட்டத்தையும் பார்த்தேன், விடுதி அடுப்பையும் பார்த்தேன். இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் குற்றம் இருந்தது. கீரை விற்கும் நம் விவசாயிகள், வாங்குகிறவர் அடுப்பில் அது என்ன ஆகிறது என்பதையும் தெரிந்து வைத்துக் கொண்டால், பழி தம் மேல் விழும்போது பதில் சொல்ல முடியும். ஆகவே கண்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். இங்கே பன்னீர் என்பது பாலைத் திரித்து, வடிகட்டி, அழுத்தி எடுக்கும் பால்கட்டி. கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர் அல்ல. பாலக்கீரை என்று நம் பக்கம் விற்பதும் வடநாட்டில் 'விலாயதி பாலக்' என்று சொல்லும் மெல்லிய கீரை அல்ல. இது பீட்ரூட்டின் குடும்பம். இலை தடித்தது, தண்டு சதைப்பற்று உள்ளது. பீட்ரூட்டைப் போலவே உப்பையும் ஓரளவு தாங்கும். கடல்நீர் நிலத்தடியில் ஏறி, கிணறும் போரும் உப்பாகிவிட்ட மீஞ்சூர் வட்டாரத்தில் பல கீரைகள் கருகும்போதும் பாலக் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் பயிர் தாங்குகிற தண்ணீரைக் குழம்பும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பச்சை நிறம் எப்படிப் போகிறது?

இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அதன் நடுவில் மெக்னீசியம் என்ற உலோகத்தின் அணு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்த மெக்னீசியம் கழன்று வெளியே வந்துவிடும். உடனே பச்சை போய், பழைய ஊறுகாய் போன்ற பழுப்பு நிறம் வந்துவிடும். புளிப்பு என்றால் நாம் போடும் புளியும் எலுமிச்சையும் மட்டும் அல்ல. இலைக்குள்ளேயே புளிப்புச் சத்துகள் உண்டு. பச்சை இலையில் அவை தனி அறையில் அடைபட்டுக் கிடக்கும். வேகும்போது அறைச் சுவர் உடைந்து எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

இது தெரிந்தால் செய்ய வேண்டியதும் தானே விளங்கும். சூடு குறைந்த நேரம் இருக்க வேண்டும். புளிப்பு கரைந்து போக நிறையத் தண்ணீர் வேண்டும். ஆவியோடு போகக்கூடிய புளிப்பு வெளியேற மூடி திறந்திருக்க வேண்டும். அந்த விடுதியிலோ, பெரிய அண்டாவில் கீரை முங்குகிற அளவு தண்ணீர் கூட இல்லாமல், மூடி போட்டு, கால் மணி நேரம் வேகவைத்தார்கள். கீரை சீக்கிரம் மசியட்டும் என்ற எண்ணம். மூடியைத் திறந்தபோதே நிறம் போயிருந்தது.

சரியான முறை இது. அரைக் கிலோ கீரைக்கு 4 லிட்டர் தண்ணீர். தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி உப்பு போடலாம். கீரையை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கு எடுத்தபின் அடுத்ததைப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கொதி அடங்கிப்போய், திரும்பக் கொதிப்பதற்குள் இலை மந்தச் சூட்டிலேயே கிடந்து கெடும். மூடக்கூடாது. நம் பாலக்கின் தடித்த இலைக்கு ஒன்றரை நிமிடத்திலிருந்து 2 நிமிடம் போதும். போட்ட சில நொடிகளில் இலை முன்னைவிடப் பளிச்சென்று பச்சையாகும். இலைக்குள் இருந்த காற்று வெளியேறுவதால் அப்படித் தெரிகிறது. இலை துவண்டு, நடுநரம்பு நகத்தால் அழுத்தினால் அமுங்கும் பதத்தில் ஜல்லிக் கரண்டியால் அள்ளி, நேரே குளிர்ந்த நீரில் போட வேண்டும்.

இந்தக் குளிர்நீரைப் பலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். வடிகட்டியில் குவித்து வைத்த கீரை, தன் சூட்டிலேயே இன்னும் 10 நிமிடம் வேகும். மேலே பச்சையாகவும் குவியலின் நடுவில் பழுப்பாகவும் இருப்பதைப் பார்த்தால் இதுதான் நடந்தது என்று தெரிந்து கொள்ளலாம். பனிக்கட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மண்பானைத் தண்ணீரே போதும். தண்ணீர் வெதுவெதுப்பானதும் ஒருமுறை மாற்ற வேண்டும். பிறகு கையால் லேசாகப் பிழிந்து எடுத்துக் கொள்ளலாம்.

ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சை நிற்குமே என்று கேட்பார்கள். நிற்கும். ஆனால் இலை கூழாகிவிடும், சில உயிர்ச்சத்துகள் அழியும், சோப்பு போல ஒரு வாடையும் தங்கும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வேகவைத்தாலும் கீரை பளபளவென்று பச்சையாக இருக்கும். அது செம்பு கீரையில் இறங்கியதால் வரும் நிறம், உடம்புக்கு ஆகாது. நல்ல முறை 2 நிமிட வேலையாக இருக்கும்போது இந்தக் குறுக்கு வழிகள் தேவையே இல்லை.

கசப்பு வந்த வழி

நிறத்தைவிடக் கசப்பைக் கண்டுபிடிப்பதுதான் சிரமமாக இருந்தது. அந்த அம்மாள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தோம். அன்று காலை அறுத்த ஒரே கீரையை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியைத் தோட்டத்துப் போர் தண்ணீரில் 2 நிமிடம் போட்டு, அதே தண்ணீரில் குளிரவைத்து, அதே தண்ணீர் சிறிது விட்டு அரைத்தோம். மறுபாதிக்கு எல்லாவற்றுக்கும் குடிநீர். நிறத்தில் வித்தியாசமே இல்லை; சொல்லப்போனால் போர் தண்ணீரில் போட்டது ஒரு மாற்று கூடுதல் பச்சை. வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது. முதலாவது உப்புக் கலந்த ஒரு கசப்பு, நாக்கின் அடியில் தங்கியது. இரண்டாவது கீரைக்கு உரிய மெல்லிய இனிப்போடு இருந்தது.

கடல்நீர் ஏறிய போர் தண்ணீரில் சமையல் உப்பு மட்டும் இல்லை; மெக்னீசிய உப்புகளும் இருக்கின்றன. அவை கசப்பானவை. உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சும் நீரை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கசப்பு தெரியும். குழம்பு அடுப்பில் வற்ற வற்ற இந்த உப்புகள் செறிந்து கசப்பு கூடும். காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தபின் வடசென்னைக்குக் குடிநீர் ஓரளவு கிடைக்கிறது. ஆனாலும் பெருஞ்சமையல் நடக்கும் இடங்களில் குடிநீரை மிச்சம் பிடித்து, கழுவவும் வேகவைக்கவும் போர் தண்ணீரையே எடுக்கிறார்கள். அந்த விடுதியிலும் அப்படித்தான். கீரையைக் கழுவ போர் தண்ணீர் இருக்கட்டும், தவறில்லை. வேகவைக்க, குளிரவைக்க, அரைக்க மூன்றுக்கும் குடிநீர்தான் வேண்டும்.

கீரை வெந்த தண்ணீரைச் சத்து என்று எண்ணி குழம்பில் ஊற்றுகிறவர்களும் உண்டு. மற்ற சில கீரைகளுக்குச் சரி. பாலக்கில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். சாப்பிட்டபின் பல்லில் கரகரவென்று ஒரு பூச்சு படிவது அதனால்தான். அதில் ஒரு பகுதி வெந்த நீரில் இறங்கிவிடுகிறது. அதை மறுபடி ஊற்றினால் துவர்ப்பும் திரும்ப வரும், புளிப்பு சேர்ந்து நிறமும் போகும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் எப்படிச் செய்தாலும் இந்தக் கீரையை மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

இனி தோட்டத்தின் பங்கு. அந்த அம்மாளின் பாத்திகளில் பாதி, 50 நாளைத் தாண்டியும் முதல் அறுப்பு ஆகாமல் நின்றன. இலை முழங்கை நீளம். எடை நிற்கும் என்று விட்டுவைத்திருந்தார். சில செடிகளில் நடுவில் பூத்தண்டு கிளம்பத் தொடங்கியிருந்தது. பூத்தண்டு எழுந்த செடியின் இலை கசக்கும், நாரும் ஓடும். எந்தச் சமையல்காரரும் அதைத் திருத்த முடியாது. விதைத்த 30-35 நாளில், இலை ஒரு சாண் நீளம் வந்ததும் முதல் அறுப்பு எடுத்துவிட வேண்டும். தரையை ஒட்டாமல் 2 விரற்கடை மேலே அறுத்தால் துளிர் கெடாது. பிறகு 15-20 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஐப்பசி முதல் மாசி வரை இங்கே நல்ல இலை வரும். சித்திரை, வைகாசி வெயிலில் செடி சீக்கிரம் பூத்தண்டுக்குப் போய்விடும். அந்த மாதங்களில் பாலக் பன்னீருக்கு என்று கேட்டு வருகிறவர்களிடம் 'இப்போது இலை முற்றல்தான்' என்று சொல்லிவிடுவதே மேல். ஒரு தடவை வாங்கி ஏமாந்தவர் நல்ல பருவத்திலும் வரமாட்டார்.

அறுப்பதும் காலையில், வெயில் ஏறுமுன். மதியம் அறுத்து இறுகக் கட்டி, சாக்கில் அடுக்கி, ஷேர் ஆட்டோவில் ஏற்றினால் கட்டுக்குள் சூடு சேர்ந்து நடு இலைகள் மஞ்சளாகும். தளர்வாகக் கட்டி, ஈரத்துணி போர்த்தி அனுப்ப வேண்டும். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் தூசி இலையில் படிவது தெரிந்ததே. அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, இலையை அலசி மேலாகத் தூக்கி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து நீரைக் கொட்டினால் அடியில் படிந்த மண் மறுபடி இலையிலேயே ஏறும். இப்படி மூன்று முறை. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் கால்வாய் நீரை மட்டும் இந்தப் பயிருக்குப் பாய்ச்சவே கூடாது. பாலக் மண்ணிலுள்ள நச்சு உலோகங்களை எளிதில் இலைக்கு ஏற்றிக்கொள்ளும். கழுவி அது போகாது.

பன்னீரும் குழம்பும்

அரைக் கிலோ கீரைக்கு 200 கிராம் பன்னீர் வேண்டும். மாடு வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே எடுக்கலாம். ஒரு லிட்டர் எருமைப் பாலில் ஏறக்குறைய 200 கிராம் கிடைக்கும். பசும்பாலில் சற்றுக் குறையும். பால் பொங்கியதும் இறக்கி, 2 நிமிடம் ஆறவிட்டு, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு வெந்நீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மெதுவாகக் கிளற வேண்டும். பால் திரிந்து, வடிநீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் சாறு விடுவதை நிறுத்த வேண்டும். துணியில் வடித்து, துணியோடு நல்ல தண்ணீரில் அலசி, மடித்து, அரை மணி நேரம் அம்மிக்குழவியைப் பாரம் வைத்தால் கட்டியாகும்.

அலசுவதை மறக்கக் கூடாது. பன்னீரில் தங்கிய எலுமிச்சைப் புளிப்பு குழம்பில் இறங்கினால், பாடுபட்டுக் காத்த பச்சை கடைசி நேரத்தில் போய்விடும். சிக்கனக்காரர்கள் வடிநீரையே குழம்புக்கு விடுவதும் அதே கேட்டைச் செய்யும். சப்பாத்தி மாவு பிசைய அதை வைத்துக் கொள்ளலாம்.

குழம்பு வழவழப்பாக வருவதற்கு முக்கியம், தண்டை நீக்குவது. இலைக்காம்பையும் தடித்த நடுநரம்பையும் முதலிலேயே கிள்ளிவிட வேண்டும். அரைக் கிலோ கீரையில் 150 கிராம் வரை இப்படிப் போகும். அதைப் பருப்போடு கூட்டு வைக்கலாம், வீணில்லை. அடுத்து, கீரை நன்றாக ஆறியபின் அரைக்க வேண்டும். சூட்டோடு மிக்சியில் ஓட்டினால் மூடி தெறிக்கும் என்பது ஒருபுறம்; அந்தச் சூட்டில் நிறமும் மங்கும். 3 பச்சை மிளகாயும் 2 கரண்டி குடிநீரும் போதும். பச்சைக் கீரையை வேகவைக்காமல் அரைத்துக் குழம்பில் விடுகிறார்கள் சிலர். அதில் புல் வாடை போகாது, திப்பியும் தங்கும்.

வெங்காயம் இரண்டு, முந்திரிப்பருப்பு 10, இரண்டையும் கால் மணி நேரம் குடிநீரில் வேகவைத்துத் தனியாக விழுதாக அரைத்துக் கொள்ள வேண்டும். முந்திரி விலை கட்டாது என்றால் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு போடலாம்; ருசி கொஞ்சம் மாறும், வழவழப்பு நிற்கும். சட்டியில் 2 கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி சீரகம், பொடியாக நறுக்கிய பூண்டு 6 பல், இஞ்சி சிறு துண்டு. பூண்டு பொன்னிறத்தோடு நிற்க வேண்டும். கறுத்துவிட்டால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி தாளிப்பதே நல்லது, கருகிய பூண்டின் கசப்பைக் கீரையின் கசப்பு என்றே எல்லோரும் சொல்வார்கள். பிறகு வெங்காய விழுதைப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை சிறு தீயில் வதக்க வேண்டும். இதற்கு 8-10 நிமிடம் ஆகும். உப்பும், அரைத் தேக்கரண்டி கரம் மசாலாவும் இப்போதே. மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் வேண்டாம். பச்சையோடு சிவப்பு சேர்ந்தால் மண் நிறம்தான் வரும். காரத்துக்குப் பச்சை மிளகாய் இருக்கிறது. காய்ந்த வெந்தய இலை போடுகிறவர்கள் ஒரு சிட்டிகையோடு நிறுத்த வேண்டும், அதுவும் கசப்புச் சரக்கு. தக்காளி இல்லாமல் மனம் ஒப்பாதவர்கள் ஒன்றைப் போட்டு, வெங்காயத்தோடு முழுக்கச் சுருள வதக்கிவிடலாம். நான் போடுவதில்லை.

மசாலா முழுதும் வெந்தபிறகுதான் கீரை விழுது. விட்டதும் கிளறி, மூடாமல், ஓரத்தில் குமிழ் வந்தபின் 2 நிமிடம். ஒரு கரண்டி பாலாடை, பன்னீர்த் துண்டுகள், அவ்வளவுதான், இறக்கிவிட வேண்டும். பாலாடையும் பன்னீரும் கீரையின் துவர்ப்பை அடக்கும். எலுமிச்சை பிழிய வேண்டுமானால் தட்டில் பிழியட்டும். இரும்புச் சட்டியில் நிறம் கறுக்கும், எவர்சில்வர் நல்லது.

விடுதி மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது, "வீட்டுக்கு இது சரி, 150 பேருக்கு 11 மணிக்கே செஞ்சு வெச்சாகணுமே, 2 மணி வரைக்கும் அடுப்பு மேலேயே இருக்கும்" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் மூன்று மணி நேரம் சூட்டில் கிடந்தால் பச்சை நிற்காது. வெங்காய மசாலாவை மட்டும் காலையிலேயே மொத்தமாகச் செய்து வைத்து, கீரை விழுதைக் குளிர்பெட்டியில் வைத்து, பந்திக்குப் பந்தி 30 பேர் அளவுக்கு இரண்டையும் சேர்த்துச் சூடாக்கும்படி சொன்னேன். ஒரு தடவைக்கு 5 நிமிட வேலை. மிஞ்சிய கீரைக் குழம்பை வெளியில் வைத்து இரவுக்குச் சுடவைத்துப் பரிமாறுவதையும் விடச் சொன்னேன். நிறம் போவது மட்டுமல்ல, கீரையிலுள்ள நைட்ரேட் அப்படி வெளியில் கிடக்கும்போது நைட்ரைட்டாக மாறும். அது குழந்தைகளுக்குக் கெடுதி.

அந்த அம்மாள் முற்றிய பாத்திகளை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, துளிர்த்து வந்த இலையில் 3 கிலோவைக் காம்பு கிள்ளி மாதிரிக்கு எடுத்துப்போனார். குடிநீரில் 2 நிமிடம் போட்டு மாஸ்டர் முன்னாலேயே காட்டினார். இப்போது தினம் 8 கிலோ எடுத்துக் கொள்கிறார்கள். காம்பு கிள்ளிக் கொடுப்பதற்குக் கிலோவுக்குக் கூடுதலாக விலை பேசியிருக்கிறார். பங்குனிக்குமேல் அனுப்ப மாட்டேன், ஐப்பசியில்தான் மறுபடி என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.